நிலாவும் நட்சத்திரங்களும்: செல்போன் விமர்சனங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

2019-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அமெரிக்காவின் பெரிய நகரங்களில் வானொலி கேட்டவர்களின் காதில் ஒரு பாராட்டு திரும்பத் திரும்ப விழுந்தது. தினமும் கேட்டுப் பழகிய தொகுப்பாளர்கள், கூகுளின் பிக்சல் 4 போனில் உள்ள கேமராதான் தங்களுக்கு மிகவும் பிடித்தது என்றார்கள். இருட்டில்கூட அது அருமையாகப் படம் எடுக்கிறது என்று, சொந்த அனுபவத்தைப் பகிர்வதுபோல் சொன்னார்கள்.

அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் போனைச் சொந்தமாக வைத்திருக்கவோ வழக்கமாகப் பயன்படுத்தவோ இல்லை. விளம்பரம் பதிவானபோது பிக்சல் 4 அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை; எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களும் இதை விசாரித்தார்கள். ஏறத்தாழ 29,000 முறை இப்படிப்பட்ட விளம்பரங்கள் ஒலிபரப்பாகியிருந்தன. கூகுளும் ஐஹார்ட்மீடியா என்ற வானொலி நிறுவனமும் மொத்தம் 94 லட்சம் டாலர் கட்டுவதாக 2022 நவம்பரில் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தொகுப்பாளர்கள் சொன்னது பொய்யான தகவல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பிக்சல் 4-ன் கேமரா இருட்டில் உண்மையிலேயே நன்றாகத்தான் படம் எடுத்தது. பொய்யாக இருந்தது ‘நான் பயன்படுத்தினேன்’ என்ற பகுதி மட்டுமே. ஒரு விமர்சனத்தில் நாம் காசு கொடுத்து வாங்காமலேயே பெறும் பொருள் அந்த அனுபவம்தான். அது இல்லையென்றால் மிஞ்சுவது போன் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வாசகங்கள்தான்.

காசு எங்கே ஒளிந்திருக்கிறது?

வானொலி இருந்த இடத்தில் இன்று யூடியூப் இருக்கிறது. ஒரு போன் சந்தைக்கு வரும் நாளில், குறிப்பிட்ட மணி அடித்ததும், ஒரே நேரத்தில் பல சேனல்களில் அதன் விமர்சனம் வெளியாவதைப் பார்த்திருப்போம். தயாரிப்பாளர் முன்கூட்டியே போனை அனுப்பி, இந்த நேரம்வரை எதுவும் வெளியிடக்கூடாது என்று கேட்டுக்கொள்வதால் நடப்பது அது. அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது; பத்திரிகைத் துறையிலும் இந்த வழக்கம் நீண்டகாலமாக உண்டு. சிக்கல், போனுடன் சேர்ந்து வரும் நிபந்தனைகளில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில், பிக்சல் 9 வெளியான சமயத்தில், அப்படியொரு நிபந்தனை வெளிச்சத்துக்கு வந்தது. ‘டீம் பிக்சல்’ என்ற திட்டத்தில் இன்ஃபுளூயன்சர்களுக்கு இலவசமாகப் போன் அனுப்பப்படும். அதில் சேருபவர்கள் போட்டி நிறுவனங்களின் போன்களுக்குப் பதிலாகப் பிக்சலையே காட்ட வேண்டும், வேறு பிராண்டுக்கு முன்னுரிமை தருவதாகத் தெரிந்தால் உறவு முறிக்கப்படலாம் என்று விதிமுறையில் எழுதியிருந்தது. செய்தி பரவியதும், அந்த வாசகம் தவறு என்று சொல்லி கூகுள் அதை நீக்கியது. இந்தத் திட்டம் வேறு, பத்திரிகையாளர்களுக்கு விமர்சனத்துக்காகப் போன் அனுப்பும் ஏற்பாடு வேறு என்றும் விளக்கியது. ஆனால் வீடியோவைப் பார்க்கிற ஒருவருக்கு, எதிரே பேசுபவர் கையில் இருக்கும் போன் எந்த வழியில் வந்தது என்று எப்படித் தெரியும்?

இந்தியாவில் இதற்கு எழுத்திலேயே விதி இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவின் இன்ஃபுளூயன்சர் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. ரொக்கம் வாங்கினால் மட்டும் சொன்னால் போதாது. இலவசப் போன், தள்ளுபடி, வெளியீட்டு விழாவுக்கு விமானப் பயணம், ஹோட்டல் அறை, நிறுவனத்தில் வேலை பார்க்கும் உறவினர் என எல்லாமே வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டியவை. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் விளம்பரம் என்ற குறிப்பு திரையில் தெரிய வேண்டும் என்கிறது விளம்பரக் குழுவின் நெறி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பார்வையாளர் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. வீடியோ தொடங்கும்போது ஓரத்தில் சில நொடிகள் தோன்றி மறையும் Includes paid promotion என்ற வரி. வீடியோவுக்குக் கீழே, ‘மேலும்’ என்பதை அழுத்தினால் விரியும் விவரக் குறிப்பு. வாங்குவதற்கான இணைப்பும், அதன் வழியாக வாங்கினால் சேனலுக்குக் கமிஷன் கிடைக்கும் என்ற குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது, பேசுபவரின் வாய். போனைத் தாமே வாங்கினாரா, நிறுவனம் அனுப்பியதா, திருப்பித் தர வேண்டுமா, வெளியாகும் முன் வீடியோவை நிறுவனம் பார்த்ததா என்பதை நேர்மையான விமர்சகர்கள் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். காசு வாங்கியதைச் சொன்னவர் பொய்யர் என்றோ, வாங்காதவர் சொல்வதெல்லாம் சரி என்றோ ஆகிவிடாது. காசு வாங்காத ஒருவர் தவறாக அளக்கலாம். வாங்கிய ஒருவர் சரியாக அளந்து காட்டலாம். அதனால்தான் ‘யார் சொன்னது’ என்ற கேள்வியோடு நிற்காமல் ‘எப்படி அளந்தார்’ என்ற கேள்விக்குப் போக வேண்டியிருக்கிறது.

4.3 என்பது என்ன?

வீடியோவை நம்பாதவர்கள் அடுத்து நம்புவது ஷாப்பிங் தளத்தின் நட்சத்திரங்களை. ஆயிரக்கணக்கானவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட மதிப்பெண் என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் அந்த ஒற்றை எண் நிறைய விஷயங்களை மூடி வைக்கிறது.

இரண்டு போன்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் போனுக்கு 100 பேர் மதிப்பெண் தந்ததில் 70 பேர் ஐந்து நட்சத்திரம், 12 பேர் நான்கு, 4 பேர் மூன்று, 3 பேர் இரண்டு, 11 பேர் ஒன்று. சராசரி 4.27. இரண்டாவது போனுக்கு 46 பேர் ஐந்து, 42 பேர் நான்கு, 8 பேர் மூன்று, 2 பேர் இரண்டு, 2 பேர் ஒன்று. சராசரி 4.28. தளத்தில் இரண்டுமே 4.3 என்றுதான் தெரியும். ஆனால் முதல் போனை வாங்கியவர்களில் ஒன்பதில் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் ஐம்பதில் ஒருவர்தான். நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தால் விரியும் ஐந்து பட்டைகளில், அடியில் இருக்கும் கடைசிப் பட்டையின் நீளத்தைப் பார்ப்பது சராசரியைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

அந்த 11 பேரின் எழுத்தையும் படித்தாக வேண்டும். ‘டெலிவரி தாமதம்’, ‘பெட்டி நசுங்கியிருந்தது’, ‘எக்ஸ்சேஞ்சில் பழைய போனுக்குக் குறைவாகத் தந்தார்கள்’ என்பவை போனைப் பற்றியவை அல்ல. ‘நான்கு மாதத்தில் சார்ஜ் ஏறவில்லை’ என்று ஐந்து பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அது வேறு கதை. ஐந்து நட்சத்திரங்களிலும் இதே கோளாறு உண்டு. ‘இன்றுதான் வந்தது, சூப்பர்’ என்று பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியில் போட்ட மதிப்பெண்ணும், ஒரு வருடம் பயன்படுத்தியபின் போட்ட மதிப்பெண்ணும் ஒரே கணக்கில் சேர்கின்றன. அமேசான் தன் நட்சத்திரம் எளிய சராசரி அல்ல, பல அம்சங்களை எடைபோட்டுக் கணக்கிடுவது என்று தானே சொல்கிறது. அந்த எடை என்ன என்பதை வெளியே யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியாது.

இன்னொன்று, யாருடைய நட்சத்திரம் யாருக்குப் போகிறது என்பது. 4 ஜிபி ரேம் உள்ள போனும் 8 ஜிபி ரேம் உள்ள போனும் பல சமயம் ஒரே பக்கத்தில், ஒரே மதிப்பெண்ணோடு நிற்கின்றன. வேகத்தில் இரண்டும் ஒன்றல்ல. வாட்ஸப்பிலிருந்து கேமராவுக்குப் போய்த் திரும்பினால் 4 ஜிபி போன் திணறும். 8 ஜிபி போன் அப்படித் திணறாது. 8 ஜிபி வாங்கியவரின் பாராட்டைப் பார்த்து 4 ஜிபி வாங்குபவர் ஏமாறுகிறார். ஒவ்வொரு மதிப்புரையின் தலைப்புக்கு அருகில் எந்த ரேம், எந்த நிறம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் படிப்பது வீண்.

இதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு. நன்றாக விற்கும் பழைய பொருளின் பக்கத்தில் புதிய பொருளையும் அதன் ஒரு வகை போலச் சேர்த்து, பழைய நட்சத்திரங்களைப் புதியதற்குக் கடத்துவது. அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரை விற்கும் பவுன்டிஃபுல் என்ற நிறுவனம் அமேசானில் இப்படிச் செய்ததாக 2023-ல் குற்றம்சாட்டப்பட்டு, 6 லட்சம் டாலர் கட்டியது. செல்போன் உதிரிப் பொருட்களில் வேறொரு வழி. பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை: மதிப்புரை போட்டால் பரிசு. 2021-ல் அவுக்கி, எம்பவ், ராவ்பவர் என்று சார்ஜர், பவர் பேங்க், ஹெட்போன் விற்றுவந்த பிரபல பிராண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமேசானிலிருந்து காணாமல் போனதன் பின்னணியில் இந்தக் காசுக்கான மதிப்புரைகள் பேசப்பட்டன. நம்மூரிலும் சார்ஜர் பெட்டியிலிருந்து இப்படிப்பட்ட அட்டை விழுந்தால், அந்தப் பொருளின் நட்சத்திரங்களை அந்தக் கணமே மறந்துவிடுவது நல்லது.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணையவழி மதிப்புரைகளை எப்படித் திரட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும், வெளியிட வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 19000 என்ற தரத்தை அறிவித்தது. ஆனால் தளங்கள் தாமாக முன்வந்து ஏற்பதற்கான தரமாகவே அது வந்தது. கட்டாயமாக்கப்படாத தரத்தால் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

இருட்டறையில் ஒரு நிலா

2023 மார்ச்சில், ரெடிட் தளத்தில் ஒருவர் தன் சாம்சங் எஸ்23 அல்ட்ராவை வைத்து ஒரு சோதனை செய்து காட்டினார். அந்தப் போனின் நிலாப் படங்கள் அப்போது பெரும்பேச்சாக இருந்தன. நூறு மடங்கு ஜூம் செய்தால் நிலாவின் பள்ளங்கள்கூடத் தெரிகின்றன என்று பலரும் வியந்தார்கள். இது லென்ஸின் திறமையா, மென்பொருள் வரைவதா என்பதுதான் கேள்வி.

அவர் செய்தது இது. இணையத்திலிருந்து தெளிவான நிலாப் படம் ஒன்றை எடுத்தார். அதை 170-க்கு 170 பிக்சல் அளவுக்குச் சுருக்கினார். பிறகு மென்பொருளால் அதை மங்கலாக்கினார். பள்ளமும் மேடும் அழிந்து, மங்கிய வட்டம் மட்டுமே மிஞ்சியது. அதைக் கணினித் திரையில் காட்டி, அறை விளக்கை அணைத்து, அறையின் மறுகோடிக்குப் போய், போனில் ஜூம் செய்து படம் எடுத்தார். போன் தந்த படத்தில், திரையில் இல்லாத பள்ளங்கள் தெளிவாக இருந்தன. திரையில் இல்லாத ஒன்றை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது.

பிறகு அவர் இன்னொன்றும் செய்தார். ஒரே திரையில் இரண்டு மங்கலான நிலாக்களைப் பக்கத்துப் பக்கமாக வைத்து எடுத்தார். ஒன்றுக்குப் பள்ளங்கள் வந்தன. மற்றது மங்கலாகவே நின்றது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் இருந்தவை. நிலா என்று அடையாளம் கண்ட ஒன்றுக்கு மட்டும் மென்பொருள் மெருகேற்றியது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. அந்தப் போனின் ‘சீன் ஆப்டிமைசர்’ வசதி நிலாவை அடையாளம் கண்டு விவரங்களைக் கூட்டுகிறது என்றும், வேண்டாதவர்கள் அதை அணைத்துக்கொள்ளலாம் என்றும் சாம்சங் விளக்கம் வெளியிட்டது.

அவர் பெயர் பெற்ற விமர்சகர் அல்ல. ஆய்வகம் கிடையாது. காசு வாங்கினாரா இல்லையா என்று துருவ வேண்டிய அவசியமும் எழவில்லை. படத்தின் அளவு, மங்கலாக்கிய விதம், அறையின் இருட்டு எல்லாவற்றையும் சொல்லி, மங்கிய படத்தையும் பொதுவில் போட்டுவிட்டார். சந்தேகப்பட்டவர்கள் தங்கள் வீட்டிலேயே செய்து பார்க்க முடிந்தது. செல்போன் விமர்சனத்தில் நம்பிக்கைக்கு உரியது இந்த வகைதான்.

அதற்கு ஓராண்டு முன், 2022 மார்ச்சில், அதே நிறுவனத்தின் போன்களில் இன்னொரு சோதனை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. வேகத்தை அளக்கும் 3டிமார்க் என்ற செயலியின் உள்பெயரை மட்டும் ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டின் பெயருக்கு மாற்றி ஓட்டினார் கொரியாவைச் சேர்ந்த ஒரு யூடியூபர். செயலி அதேதான், பெயர் மட்டும் வேறு. மதிப்பெண் வெகுவாகச் சரிந்தது. சாம்சங்கின் விளையாட்டு மேலாண்மை மென்பொருள், பட்டியலிலிருந்த ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் செயலிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கீக்பெஞ்ச் தளம் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான போன்களைத் தன் தரவரிசையிலிருந்து நீக்கியது. சாம்சங் மென்பொருளைத் திருத்தி, முடிவைப் பயனர் கையில் விட்டது.

வீடியோவில் ஒரு பெரிய எண்ணைக் காட்டி ‘அன்டுட்டுவில் இவ்வளவு’ என்று சொன்னால் ஏன் அது போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2017-ல் ஒன்பிளஸ், 2018-ல் ஹுவாவே போன்களிலும் இத்தகைய ஏமாற்றுகள் வெளியே வந்தன. அங்கே நடந்தது தலைகீழ்: அளக்கும் செயலியை அடையாளம் கண்டதும் போன் வேகத்தைக் கூட்டியது.

வீட்டில் செய்யக்கூடியவை

நம்மால் செய்யக்கூடிய சோதனைகளில் பேட்டரிச் சோதனைதான் மிகவும் பயனுள்ளது. அதைத் தவறாகச் செய்வதும் மிக எளிது.

ஒரே நீளமான வீடியோவை இரண்டு போன்களிலும் இறக்கிவைத்து, ஒரே பிளேயரில், ஏரோபிளேன் மோடில், திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். 100 சதவீதத்தில் தொடங்கி, போன் தானாக அணையும்வரை எவ்வளவு நேரம் என்று குறிக்க வேண்டும். 20 சதவீதத்தில் நிறுத்தினால் கணக்கு தப்பும். திரையில் தெரியும் சதவீதம் போனின் மென்பொருள் செய்யும் மதிப்பீடுதான். சில போன்கள் 100-லேயே வெகுநேரம் நிற்கும்.

பலரும் சறுக்குவது திரை வெளிச்சத்தில். இரண்டு போன்களிலும் வெளிச்சத்தை ‘பாதி’யில் வைத்தால் இரண்டும் சமமாக இருக்காது, ஒன்றின் பாதி இன்னொன்றின் முக்கால்வாசியாக இருக்கலாம். திரைதான் அதிகச் சார்ஜைக் குடிப்பது என்பதால் சோதனையே பொய்த்துவிடும். தானாக மாறும் வெளிச்ச வசதியை அணைத்துவிட்டு, இரண்டிலும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இருட்டறையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும்வரை ஒன்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மூன்றாவது போனில் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், ஒரே போனில் சோதனையை இரண்டு முறையாவது செய்வது. முதல் முறை 14 மணி 10 நிமிடம், அடுத்த முறை 13 மணி 45 நிமிடம் என்று வந்தால், அந்தச் சோதனையின் ஆட்டம் 25 நிமிடம். அப்படியிருக்க, வேறொரு போன் 15 நிமிடம் அதிகமாக ஓடியது என்பதை வைத்து அதை வெற்றி பெற்றதாக அறிவிக்க முடியாது. யூடியூபில் வரும் பேட்டரிப் பந்தயங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது ஓட்டம் இருப்பதில்லை. பத்து நிமிட வித்தியாசத்துக்குப் பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

சூட்டுச் சோதனையும் கடினமானதல்ல. 3டிமார்க்கில் ‘வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ்’ என்ற சோதனை, ஒரு நிமிட ஓட்டத்தை 20 முறை தொடர்ந்து நடத்தும். ஆண்ட்ராய்டில் இலவசம். சிறந்த ஓட்டத்தின் மதிப்பெண் 9,000, மோசமானது 5,400 என்றால், சூடேறியபின் போன் தன் வேகத்தில் 60 சதவீதத்தைத்தான் தக்கவைத்தது என்று பொருள். இதைச் செய்யும்போது அறையின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். ஏசி அறையில் 24 டிகிரியில் கிடைத்த எண்ணும், மே மாதத்தில் மின்விசிறியின் கீழ் 34 டிகிரியில் கிடைக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. வேலூரிலோ மதுரையிலோ கோடையில் வெயிலில் நின்று மேப் பார்க்கும்போது திரை தானாக மங்குவதும் சார்ஜ் மெதுவாக ஏறுவதும் இந்தச் சூட்டினால்தான். ஸ்டூடியோவில் எடுத்த விமர்சனத்தில் இது தெரியாது.

ஆனால் எந்தச் சோதனையும் பிடிக்காத கோளாறுகள் இருக்கின்றன. 2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சங் நோட் 7-ஐ விமர்சகர்கள் வாயாரப் பாராட்டினார்கள். பேட்டரி தீப்பிடித்ததால் இரண்டு வாரத்தில் நிறுவனம் அதைத் திரும்பப் பெறத் தொடங்கியது. இந்தியாவில் பல பிராண்டு போன்களின் திரையில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பச்சைக் கோடு விழுவது பெரும் புகாராக எழுந்தது. ஒன்பிளஸ் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குத் திரையை இலவசமாக மாற்றித் தந்தது. ஒரு வாரம் பயன்படுத்தி வீடியோ போடும் யாராலும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இங்கேதான் ஷாப்பிங் தளத்தின் மதிப்புரைகள் தங்கள் உண்மையான வேலையைச் செய்கின்றன. ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, வாங்கி ஆறு மாதத்துக்கு மேலானவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படித்தால், கோடு விழுந்ததா, சார்ஜ் நின்றதா, அப்டேட்டுக்குப் பின் போன் மந்தமானதா என்பது தெரிந்துவிடும். போன் வெளியான முதல் வாரத்தில் வாங்குபவருக்கு இந்தத் தகவல் கிடைக்காது. ஆறேழு மாதம் காத்திருப்பவருக்குக் கிடைக்கும். பெரும்பாலும் அதற்குள் விலையும் குறைந்திருக்கும்.

இணையத்தில் வாங்கும் போனைக் கோளாறு இருந்தால் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் ஏழு நாட்கள்தான் அவகாசம். பேட்டரி ஓட்டமும் சூட்டுச் சோதனையும் அந்த ஏழு நாட்களுக்குள் செய்து முடிக்கக்கூடியவை. விளம்பரத்தில் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். அதோடு, போன் வாங்கிய ஒவ்வொருவரும் ஆறு மாதம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பிச் சென்று நான்கு வரி எழுத வேண்டும்: எத்தனை ஜிபி ரேம், எத்தனை மாதம் பயன்படுத்தியது, ஒரு நாளில் எத்தனை முறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, எது பழுதானது. அடுத்து வாங்கப்போகிறவர் தேடுவது அந்த நான்கு வரிகளைத்தான்.